பேரிங் எண்ணைப் புகைப்படம் சொல்லுமா?

கிணற்று மோட்டாரில் கரகரவென்ற இரைச்சல் கிளம்பினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பேரிங்கைத்தான். மோட்டாரைப் பிரித்து, பழைய பேரிங்கைக் கழற்றி, செல்போனில் ஒரு படம் எடுத்து டவுனிலுள்ள கடைக்கு அனுப்பி, "அண்ணே, இது என்ன நம்பர்? இருக்கா?" என்று கேட்பது இப்போது எல்லா ஊர்களிலும் பழக்கமாகிவிட்டது. கடைக்காரரும் படத்தைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்கிறார். பஸ் ஏறிப் போய் வாங்கி வந்து மாட்டிப் பார்த்தால் சில சமயம் தண்டில் ஏறுவதில்லை; சில சமயம் தண்டில் தொளதொளவென்று ஆடுகிறது. கடை திறந்திருக்கும் நேரத்துக்குள் திரும்பப் போக முடியாவிட்டால் மறுநாளும் பாசனம் இல்லை. பூத்து நிற்கும் பயிருக்கு அந்த ஒரு நாள் பெரிய நாள்.

இதில் கடைக்காரருடைய அனுபவக் குறைவு என்று எதுவும் இல்லை. எத்தனை அனுபவம் உள்ளவராயினும் சில கேள்விகளுக்குப் புகைப்படத்தை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது. எந்தக் கேள்விக்குப் படம் போதும், எதற்குப் போதாது என்று தெரிந்துகொண்டால் வீண் அலைச்சலும் வீண் செலவும் மிச்சமாகும். இங்கே சொல்லப்படுபவை மோனோபிளாக் மோட்டாருக்கும், தரைமேல் நின்று ஓடும் மற்ற மோட்டார்களுக்கும் பொருந்தும். நீர்மூழ்கி மோட்டார்கள் பலவற்றில் குண்டு பேரிங் இருப்பதில்லை. அவற்றின் அமைப்பு வேறு.

எண்ணுக்குள் இருக்கும் அளவு

சாதாரணமாக இந்த மோட்டார்களில் உள்ளது ஒற்றை வரிசைக் குண்டு பேரிங். அதன் எண் 6 என்று தொடங்கும். இரண்டாவது இலக்கம் அது இலேசான வரிசையா, கனத்த வரிசையா என்பதைக் காட்டும். 62 என்றால் இலேசானது. 63 என்றால் அதைவிடக் கனத்தது. கடைசி இரண்டு இலக்கங்கள் உள்துளையின் அளவைக் காட்டும். 04 முதல் மேலே போகும் எண்களில் அந்த இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் துளையின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 04 என்றால் 20 மி.மீ., 05 என்றால் 25 மி.மீ., 06 என்றால் 30 மி.மீ. இதற்குக் கீழே மட்டும் கணக்கு மாறும். 03 என்றால் 17 மி.மீ.

விவசாயிகள் அடிக்கடி சந்திக்கும் சில எண்களின் அளவுகள் வருமாறு:

6203: துளை 17, வெளிவிட்டம் 40, கனம் 12 மி.மீ.
6204: துளை 20, வெளிவிட்டம் 47, கனம் 14 மி.மீ.
6205: துளை 25, வெளிவிட்டம் 52, கனம் 15 மி.மீ.
6206: துளை 30, வெளிவிட்டம் 62, கனம் 16 மி.மீ.
6304: துளை 20, வெளிவிட்டம் 52, கனம் 15 மி.மீ.
6305: துளை 25, வெளிவிட்டம் 62, கனம் 17 மி.மீ.

இந்த அளவுகள் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொது. எந்தக் கம்பெனி 6205 ஆனாலும் 25, 52, 15 என்ற அளவில்தான் இருக்கும். எனவே எண்ணோ அளவோ இரண்டில் ஒன்று உறுதியாகத் தெரிந்தால் போதும். படம் இவற்றில் ஒன்றையாவது காட்டுகிறதா என்பதே கேள்வி.

படத்தில் ஒன்றுபோல் தெரிபவை

படத்தில் பேரிங்கின் உண்மையான அளவு தெரியாது. அதன் வடிவம் மட்டுமே தெரியும். அதாவது துளையைப்போல் எத்தனை மடங்கு வெளிவிட்டம் இருக்கிறது என்பதைப் படத்திலிருந்து அளந்துவிடலாம். மேலே உள்ள பட்டியலை வைத்து இதைக் கணக்கிட்டுப் பார்த்தால் சிக்கல் விளங்கும்.

6205க்கு 52ஐ 25ஆல் வகுத்தால் 2.08 வருகிறது. 6206க்கு 62ஐ 30ஆல் வகுத்தால் 2.07 வருகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அதேபோல் 6203க்கும் 6204க்கும் 2.35 என்ற ஒரே விகிதம்தான். சிறியதைச் சற்று அருகிலிருந்தும் பெரியதைச் சற்று தள்ளியிருந்தும் எடுத்தால், நேர் மேலிருந்து எடுத்த இரு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் எது எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கையில் வாங்கிப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடக்கூடிய வித்தியாசம், படத்தில் மறைந்துவிடுகிறது.

ஆனால் படம் ஒன்றுக்கும் உதவாது என்று நினைக்க வேண்டியதில்லை. 6304க்கு இந்த விகிதம் 2.6, 6305க்கு ஏறக்குறைய 2.5. எனவே துளை சிறுத்து வளையங்கள் தடித்துத் தெரிந்தால் அது 63 வரிசையைச் சேர்ந்தது என்று படத்தைக் கொண்டே சொல்லலாம். "இது 62 வரிசை, 6205 அல்லது 6206ஆக இருக்கலாம்" என்பது வரை படம் சொல்லும். அதற்கு மேல் ஒரே எண்ணைச் சொல்வது ஊகமே ஆகும்.

நாணயம் வைத்துப் படம் எடுத்தால்

அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுப்பவர்கள் உண்டு. எண்ணம் நல்லதுதான். ஆனால் இதில் இரண்டு தவறுகள் நேர்கின்றன.

முதலாவது, நாணயத்தின் அளவே ஒன்றாக இல்லை. பழைய எஃகு ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம் 25 மி.மீ. 2011ஆம் ஆண்டு வரிசையில் வந்த ஒரு ரூபாய் 22 மி.மீ. இரண்டும் இன்றும் கைமாறுகின்றன. படத்தில் இருப்பது எது என்று பார்ப்பவருக்குத் தெரியாவிட்டால் அவர் போடும் கணக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு தப்பிவிடும்.

இரண்டாவது, நாணயமும் பேரிங்கும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. நாணயம் தரையில் படுத்திருக்கிறது. பேரிங்கின் மேல்முகமோ 15 மி.மீ. உயரத்தில், போனுக்கு அருகில் இருக்கிறது. அருகில் உள்ளது பெரிதாகத் தெரியும். போனைத் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் பிடித்து எடுத்தால் பேரிங்கின் முகம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். 52 மி.மீ. உள்ளது 58 மி.மீ. போலத் தோன்றும். அது 52க்கும் 62க்கும் நடுவில் விழுவதால் இரண்டில் எதுவென்று சொல்ல முடியாது. அதே போனை 60 செ.மீ., அதாவது இரண்டு அடி உயரத்தில் பிடித்தால் இந்தப் பிழை ஒன்றரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

ஆகவே நாணயத்துக்குப் பதில் பிள்ளைகளின் பள்ளிக்கூட ஸ்கேலை வைப்பது மேல். அதை ஒரு தீப்பெட்டியின்மேல் வைத்துப் பேரிங்கின் மேல்முகத்துக்குச் சமமாக உயர்த்திக்கொள்ள வேண்டும். இரண்டு அடி தள்ளி, நேர் மேலிருந்து படம் எடுக்க வேண்டும். சாய்வாக எடுத்தால் வட்டம் முட்டை வடிவமாகி, அளவு மீண்டும் கெடும்.

வெளிச்சம் மறைக்கும் எழுத்து

எண் பேரிங்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்போது அளவு எதற்கு என்று கேட்கலாம். எண் தெளிவாகத் தெரிந்தால் அளவு தேவையில்லைதான். ஆனால் அந்த எழுத்து வளையத்தின் ஓரத்தில் மிக மெல்லிய பள்ளமாக இருக்கும். அதில் பழைய கிரீசும் துருவும் ஏறியிருக்கும். போனின் பிளாஷ் வெளிச்சம் நேராகப் பட்டால் பளபளப்பான எஃகு முழுவதும் வெள்ளையாகி எழுத்து கரைந்துவிடும். மாலையில் குண்டு பல்பின் கீழ் எடுத்தால் பள்ளமும் மேடும் ஒரே நிறமாகிவிடும். இவ்வாறு எடுத்த படங்களில் 3 என்பது 8 போலவும், 5 என்பது 6 போலவும் தெரிவது சாதாரணம். பேரிங்கின் எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் பொருளே மாறிவிடும். தெளிவில்லாத இலக்கத்தைப் பார்க்கிறவருடைய மனம், தான் எதிர்பார்க்கும் இலக்கமாகவே படித்துக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது. கடையில் நாள்தோறும் 6205 கேட்கப்படுமானால் மங்கலான 6206ஐயும் 6205 என்றே கண் படிக்கும்.

இதற்கு எளிய வழி உண்டு. மண்ணெண்ணெய் அல்லது டீசல் தொட்ட துணியால் வளையத்தின் ஓரத்தைத் துடைத்துக் காயவிட வேண்டும். பிறகு வெள்ளைச் சாக்குக்கட்டியை அதன்மேல் தேய்த்து, விரலால் இலேசாகத் துடைத்துவிட வேண்டும். மேட்டில் உள்ள தூள் போய்விடும்; பள்ளத்தில் உள்ளது நிற்கும்; எழுத்து வெள்ளையாகத் தெரியும். பிளாஷை நிறுத்திவிட்டு, ஒரு டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து ஒளி தவழ்ந்து போகும்படி செய்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து இன்னும் துலங்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் வழியில் சுருக்கப்படுவதால் நுண்ணிய எழுத்து மங்கலாம். படத்தை 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும்.

எவ்வளவு நல்ல படத்திலும் வராதவை

அளவு தவறிய பேரிங் மாட்டும்போதே காட்டிக்கொடுத்துவிடும். அதைவிடத் தொல்லை தருவது, அளவு சரியாக இருந்து இரகம் மாறிய பேரிங். அது ஒழுங்காக ஏறும், ஓடும், சில வாரங்களில் மறுபடியும் இரைச்சல் போடும்.

6205 என்ற ஒரே எண்ணில் மூடியில்லாதது, இருபுறமும் தகடு மூடிய இசட் இசட், இருபுறமும் ரப்பர் மூடிய 2 ஆர்எஸ் என்ற இரகங்கள் உண்டு. மூன்றுக்கும் அளவு ஒன்றே. மூடியில்லாததைப் படத்தில் கண்டுகொள்ளலாம், குண்டுகள் தெரியும். ஆனால் தகடா, ரப்பரா என்பது கிரீசும் தூசியும் படிந்த பிறகு, மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்த படத்தில், பெரும்பாலும் பிடிபடாது. நகத்தால் அழுத்திப் பார்த்தால் ரப்பர் சற்று அமுங்கும், தகடு அமுங்காது. இதைப் பேரிங் கையில் இருப்பவர்தான் செய்ய முடியும்.

இன்னொன்று சி 3 என்ற குறி. குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் இடையே ஒரு மிகச் சிறிய இடைவெளி உண்டு. மோட்டார் ஓடிச் சூடேறும்போது உள்வளையம் விரிந்து இந்த இடைவெளி குறையும். அதற்கு இடம் கொடுக்கவே பல மோட்டார்களில் சாதாரணத்தைவிடச் சற்று அதிக இடைவெளி கொண்ட சி 3 பேரிங் போடப்படுகிறது. இந்த வித்தியாசம் நேரில் பார்க்கும் கண்ணுக்கே தெரியாது. எனவே எண்ணுக்குப் பின்னால் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. 6205 என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் அதன் வால் எழுத்துகளையும் எழுதி அனுப்ப வேண்டும்.

போலிச் சரக்கும் இந்த வகையைச் சேர்ந்ததே. பெட்டியும் எழுத்தும் அசல் போலவே அச்சடிக்கப்படுவதால், படத்தை வைத்து அசல் என்று உறுதி கூற முடியாது. தெரிந்த கடையில் பில் போட்டு வாங்குவதே அதற்குக் காப்பு.

ஒரு கணக்கு

மேலே கூறியவை சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். ஒரு விவசாயி மோட்டாரிலிருந்து கழற்றிய பேரிங்கைத் தீப்பெட்டி மட்டத்தில் வைத்த ஒரு ரூபாய் நாணயத்துடன் நேர் மேலிருந்து படம் எடுத்து அனுப்புகிறார். பொழுது சாய்ந்துவிட்டதால் விளக்கின் கீழ் எடுத்த படம். 620 வரை படிக்க முடிகிறது. கடைசி இலக்கம் 5ஆகவும் இருக்கலாம், 6ஆகவும் இருக்கலாம்.

கடைக்காரர் அக்கறையாகவே பார்க்கிறார். துளைக்கும் வெளிவிட்டத்துக்கும் உள்ள விகிதம் இரண்டுக்குச் சற்று மேல். 6205க்கும் 6206க்கும் அது பொருந்துகிறது. அடுத்து நாணயத்தோடு ஒப்பிடுகிறார். பேரிங்கின் வெளிவிட்டம் நாணயத்தைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு இருக்கிறது. நாணயம் 22 மி.மீ. என்று கொண்டு பெருக்கினால் 55 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வருகிறது. பட்டியலில் 55 என்று எதுவும் இல்லை. அருகில் இருப்பது 52. எனவே 6205 என்று முடிவு செய்கிறார்.

ஆனால் அந்த நாணயம் 25 மி.மீ. விட்டமுள்ள பழைய நாணயம். 25ஐக் கொண்டு பெருக்கினால் 62 மி.மீ. வருகிறது. பேரிங் 6206. வடிவமும் பொருந்தியது, மங்கலான எழுத்தும் பொருந்தியது, நாணயமும் கிட்டத்தட்டப் பொருந்தியது. முடிவு மட்டும் தவறிவிட்டது. கணக்கில் வந்த 55 பட்டியலில் எதனோடும் சரியாகப் பொருந்தவில்லை என்பதுதான் இங்கே கிடைத்த எச்சரிக்கை. அந்த இடத்தில் நிறுத்தி, "6205 அல்லது 6206. துளையை ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்க" என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். துளை 25 மி.மீ.யா, 30 மி.மீ.யா என்று சொல்வதற்குப் பள்ளிக்கூட ஸ்கேலே போதும்.

படத்தோடு அனுப்ப வேண்டியவை

படத்தை அனுப்பும்போது இரண்டு அளவுகளையும் சேர்த்து அனுப்புவதே முறை. முதலில், துளையின் மிக அகலமான இடத்தில் ஸ்கேலை வைத்துத் துளையின் விட்டத்தை அளக்க வேண்டும். அடுத்து வெளிவிட்டம். இதற்கு ஒரு காகிதப் பட்டையைப் பேரிங்கைச் சுற்றி இறுக்கமாக ஒரு சுற்று சுற்றி, முனை சேரும் இடத்தில் குறித்துப் பிரித்து, நீளத்தை அளக்கலாம். சுற்றளவு விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல் இருப்பதால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். வெளிவிட்டம் 40 ஆனால் காகிதம் 126 மி.மீ. நீளம் வரும், 47 ஆனால் 148, 52 ஆனால் 163, 62 ஆனால் 195. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தவறினாலும் முடிவு மாறாது.

இரண்டில் ஒன்றை மட்டும் அளந்து விட்டுவிடக் கூடாது. 6205க்கும் 6304க்கும் வெளிவிட்டமும் கனமும் ஒன்றே, துளைதான் வேறு. 6205க்கும் 6305க்கும் துளை ஒன்றே, வெளிவிட்டம் வேறு. இரண்டு அளவும் சேர்ந்தால்தான் மேலே உள்ள பட்டியலில் ஓர் எண் மட்டும் மிஞ்சும்.

மோட்டாரின் இரு முனைகளிலும் பேரிங் உண்டு. பல மோட்டார்களில் இரண்டும் வெவ்வேறு எண்களாக இருக்கும். எந்தப் பேரிங் எந்தப் பக்கத்தது என்பதைக் கழற்றும்போதே ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவிட வேண்டும். சில மோட்டார்களின் பெயர்த்தகட்டிலேயே இரு பேரிங்குகளின் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும் என்பதால், மோட்டாரைப் பிரிக்கும் முன் அதையும் பார்த்துவிடுவது நல்லது. முன்பு யாராவது தேய்ந்த தண்டுக்குப் புஷ் போட்டு வேறு பேரிங் மாட்டியிருந்தால் தகட்டில் உள்ள எண் செல்லாது. அப்போது கழற்றியதை அளந்ததே கணக்கு.

இவ்வளவு செய்தும் எண் உறுதிப்படவில்லை என்றால், பழைய பேரிங்கையே துணியில் சுற்றிக் கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். வாங்கும் முன் பழையதையும் புதியதையும் முகத்தோடு முகம் வைத்துத் துளையும் ஓரமும் சேருகின்றனவா என்று பார்த்து, வால் எழுத்துகளையும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். அளவு சற்றுத் தவறிய பேரிங்கைத் தண்டில் சுத்தியால் அடித்து ஏற்றுவதோ, தகரம் சுற்றி இறுக்குவதோ கூடாது. அதனால் கெடுவது தண்டு. பேரிங்கை மாற்றுவதுபோல் அதை எளிதில் மாற்ற முடியாது.